எறியும் நொடியில் பேச வேண்டிய பலகை
சிறு கிளினிக்கில் மருத்துவக் கழிவைப் பிரிக்கும் நான்கு வண்ணங்களும், அவற்றுக்கு மேல் எழுத வேண்டிய நாலு வரிகளும்

படுக்கை வசதி இல்லாத, ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் துப்புரவுப் பணியைக் கவனிக்கும் ஓர் ஆயாவும் மட்டுமே உள்ள சிறு கிளினிக்கில்கூட, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ட்ரிப் ஏற்றுவது, சர்க்கரை அளவு பார்ப்பது ஆகிய நான்கு வேலைகளிலிருந்தே நோய்த்தொற்றைப் பரப்பக்கூடிய கழிவு நாள்தோறும் உண்டாகிறது. இக்கழிவை உயிரி மருத்துவக் கழிவு என்று சட்டம் அழைக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1998-இல் முதன்முதலாக இதற்கென விதிகளை வகுத்தபோது கழிவைப் பத்து வகைகளாகப் பிரித்திருந்தது. அவற்றின் எண்களை நினைவில் வைத்துக்கொண்டு பிரிப்பது ஊழியர்களுக்குப் பெரும்பாடாக இருந்ததால், 2016 மார்ச் மாதம் வெளியான உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பத்தையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நான்கு வண்ணங்களுக்குள் அடக்கின.

ஆனால் வண்ணங்கள் நான்காகக் குறைந்ததால் மட்டும் பிரிப்பது எளிதாகிவிடவில்லை. பெரும்பாலான கிளினிக்குகளில் சுவரில் தொங்கும் அறிவிப்பு, விதிகளின் முதல் அட்டவணையை அப்படியே சுருக்கி அச்சிட்டதாகவே இருக்கிறது. அதில் ‘மாசடைந்த கழிவு’, ‘மறுசுழற்சிக்குரிய கழிவு’ போன்ற வகைப்பெயர்கள் இருக்கின்றனவே தவிர, செவிலியரின் கையில் அந்த நொடியில் இருக்கும் பொருளின் பெயர் இருப்பதில்லை. கையில் உடைந்த ஆம்பூலையோ ரத்தம் பட்ட பஞ்சையோ வைத்திருப்பவருக்கு வகைப்பெயரால் பயனில்லை. அவருக்கு வேண்டியது, இந்தப் பொருள் எந்தத் தொட்டிக்குள் போக வேண்டும் என்ற ஒரே விடை. ஆகவே நல்ல பலகையை எழுதுவோர் விதிப்புத்தகத்தை நடைமுறைக்குக் கொண்டுவர முயல்வதற்கு முன், அந்தக் கிளினிக்கில் உண்மையில் என்னென்ன எறியப்படுகின்றன என்று பட்டியலிட்டு, அங்கிருந்து விதியை நோக்கிச் செல்ல வேண்டும்.

வண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம்

நான்கு வண்ணங்களும் நான்கு வெவ்வேறு பயணங்களைக் குறிக்கின்றன. ஒரு கிளினிக்கிலிருந்து 75 கிலோமீட்டர் தொலைவுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், அதாவது பல மருத்துவமனைகளின் கழிவை ஒரே இடத்தில் பெற்று முறைப்படி அழிக்கும் நிலையம் சேவை தருமானால், அந்தக் கிளினிக் தன் வளாகத்திலேயே கழிவை எரிக்கவோ அழிக்கவோ அமைப்பு நிறுவக் கூடாது என்பது விதி. எனவே கிளினிக்கின் வேலை பிரித்துக் கொடுப்பதோடு முடிகிறது. பிரிப்பது எதற்காக என்பது அந்த நிலையத்தில்தான் தெரிகிறது.

மஞ்சள் பையில் போவது பெரும்பாலும் எரிஉலைக்குச் செல்கிறது: ரத்தமும் சீழும் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, மாவுக்கட்டு, பயன்படுத்திய முகக்கவசம், காலாவதியான மருந்து ஆகியவை அதில் சேரும். சிவப்புப் பையில் போவது மருத்துவ பிளாஸ்டிக்: ஊசி நீக்கிய சிரிஞ்சு, ட்ரிப் செட், காலியான குளுக்கோஸ் பாட்டில், சிறுநீர்ப் பை, கையுறை போன்றவை அங்கே நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கப்பட்டு, துண்டுதுண்டாக நறுக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகின்றன. வெள்ளை என்பது பை அல்ல. ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத, கசியாத, உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவும் கெட்டியான டப்பா. நீலம் கண்ணாடிக்கு உரியது: ஆம்பூல், மருந்துக் குப்பி, உடைந்த கண்ணாடி ஆகியவை கிருமி நீக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் செல்கின்றன. 2016-இல் நீல அடையாளமிட்ட அட்டைப்பெட்டி போதும் என்றிருந்தது. 2018-இல் வந்த திருத்தம், துளைபடாத, கசியாத பெட்டியாகவே அது இருக்க வேண்டும் என்று மாற்றியது.

இந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு தவறும் எங்கே போய்ச் சேர்கிறது என்பது விளங்கும். ட்ரிப் குழாய் போன்றவற்றில் பெரும்பாலும் குளோரின் கலந்த பி.வி.சி. பிளாஸ்டிக் இருப்பதால், அவை மஞ்சளில் விழுந்து எரிஉலைக்குப் போனால் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உருவாக வாய்ப்பாகிறது. ஆம்பூல் மஞ்சளில் விழுந்தால் எரிஉலையின் வெப்பத்தில் கண்ணாடி உருகி அடியில் ஒட்டிக்கொள்கிறது. ஊசி சிவப்பில் விழுந்தால், பையைத் தூக்கும் ஆயாவில் தொடங்கி, வண்டியில் ஏற்றுபவர், நிலையத்தில் பையைப் பிரிப்பவர் வரை அத்தனை பேரின் கையையும் அது குத்தக் காத்திருக்கிறது. தவறாக விழுந்ததை மறுபடி எடுத்துச் சரியான தொட்டியில் போடுவது தீர்வாகாது; பைக்குள் கைவிட்டுத் தேடுவதே மிகுந்த ஆபத்துள்ள செயல் என்பதால், பிரிப்பு முழுவதும் எறியும் அந்த ஒரு நொடியிலேயே நடந்து முடிந்தாக வேண்டும்.

ஓர் ஊசி, ஏழு பொருள், ஐந்து இடம்

பலகை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கெடுப்பை ஓர் எளிய சிகிச்சையை முன்வைத்துப் பார்க்கலாம். காய்ச்சலோடு வந்த நோயாளிக்குக் கண்ணாடி ஆம்பூலில் உள்ள மருந்தைச் சதையில் ஊசியாகச் செலுத்துவதாகக் கொள்வோம். செவிலியர் சிரிஞ்சு உறையைக் கிழிக்கிறார். ஆம்பூலின் கழுத்தை உடைக்கிறார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தோலைத் துடைக்கிறார். மருந்தைச் செலுத்தி முடித்ததும் ஊசி குத்திய இடத்தை இன்னொரு பஞ்சால் அழுத்துகிறார். பிறகு கையுறையைக் கழற்றுகிறார். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான இந்த வேலையிலிருந்து ஏழு பொருள்கள் கழிவாகின்றன.

நோயாளியைத் தொடாத சிரிஞ்சு உறை சாதாரணக் குப்பை. அது மருத்துவக் கழிவே அல்ல. உடைந்த ஆம்பூலின் கழுத்தும் உடலும் ஒன்றாக நீலத்துக்குப் போகின்றன. துடைத்த பஞ்சும், ரத்தப் பொட்டு பட்ட பஞ்சும் மஞ்சளுக்கு. ஊசி, மேசையிலேயே இருக்கும் ஊசி வெட்டும் கருவியால் துண்டிக்கப்பட்டு வெள்ளை டப்பாவுக்கு; ஊசி நீங்கிய சிரிஞ்சு சிவப்புக்கு. கையுறையும் சிவப்புக்கே. ஆக, ஏழு பொருள்களும் நான்கு வண்ணத் தொட்டிகளுக்கும் ஒரு சாதாரணக் குப்பைத் தொட்டிக்குமாக ஐந்து இடங்களுக்குப் பிரிகின்றன. நோயாளி ஒருவருக்கு ஐந்து முடிவுகள் என்றால், மாலை நேரத்தில் வரிசையாக நோயாளிகள் காத்திருக்கும்போது அந்த முடிவுகளில் ஒன்றுகூடத் தவறாமலிருக்க, தொட்டிகளும் பலகையும் ஊசி போடும் மேசைக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும். வெள்ளை டப்பா அறைக்கு வெளியே இருந்தால், ஊசி வெட்டப்படாமலேயே சிரிஞ்சு கையிலோ தட்டிலோ நடந்து செல்கிறது. அந்த நடையில்தான் ஊசிக்குத்து நேர்கிறது.

இதே கணக்கெடுப்பை ட்ரிப் ஏற்றுவதற்கும் சர்க்கரை பார்ப்பதற்கும் செய்தால், சந்தேகத்துக்கிடமான பொருள்கள் சில தானாகவே வெளிப்படும். நரம்பில் குத்தும் கேனுலாவின் உள்ளிருக்கும் எஃகு ஊசி வெள்ளைக்கு. நரம்பில் தங்கியிருந்து பின்னர் உருவப்படும் மென்குழாய் சிவப்புக்கு. சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட் சிறிதாக இருந்தாலும் ஊசிதான், ஆகவே வெள்ளைக்கு; ரத்தம் உறிஞ்சிய பரிசோதனைப் பட்டை மஞ்சளுக்கு. இன்சுலின் சிரிஞ்சில் ஊசி பிரிக்க முடியாதபடி பொருத்தப்பட்டிருப்பதால், அது முழுவதுமாக வெள்ளைக்குப் போக வேண்டும். அதை வழக்கம்போல வெட்ட முயல்வதோ சிவப்பில் போடுவதோ தவறு. கண்ணாடிக் குப்பியில் மருந்து மீந்து காலாவதியாகிவிட்டால், குப்பி கண்ணாடிதானே என்று நீலத்தில் போடக் கூடாது. மருந்தோடு சேர்த்து மஞ்சளுக்கே போக வேண்டும். இந்த ஐந்தாறு பொருள்கள்தாம் ஊழியர்களை நின்று யோசிக்க வைப்பவை. அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத பலகை, தெரிந்ததை மட்டும் திரும்பச் சொல்லும் பலகையாகிவிடுகிறது.

தொட்டிக்கு மேல் நாலு வரி

எழுத வேண்டிய இடம் சுவர் அல்ல, தொட்டிக்கு நேர் மேலே, கண்ணின் உயரம். நான்கு வண்ணங்களையும் ஒரே பெரிய பலகையில் எழுதித் தொங்கவிடுவதைவிட, ஒவ்வொரு தொட்டிக்கும் அதற்குரிய பலகையை மட்டும் ஒட்டுவதே பயன் தரும். ஏனெனில் கையில் பொருளோடு திரும்புபவர், பட்டியலில் தேடுவதில்லை, எதிரில் இருப்பதைப் பார்க்கிறார். பலகையின் பின்னணி வண்ணம் பையின் வண்ணத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த வண்ணத்தின் பெயரை எழுத்திலும் பெரிதாக எழுத வேண்டும். மங்கிய குழல்விளக்கின் கீழ் பழைய மஞ்சளும் அழுக்கேறிய வெள்ளையும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். நிறங்களைப் பிரித்தறிவதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களும் பணியாளர்களிடையே இருக்கக்கூடும். அவர்களுக்கு எழுத்தும் தொட்டியின் வடிவமும்தாம் வழிகாட்டும்.

பலகையின் வாசகத்தில் வகைப்பெயர் வேண்டாம். கிளினிக்கில் பேசும் பெயரே வேண்டும். ‘சிரைவழித் திரவக் குழாய்த்தொகுதி’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘ட்ரிப் செட்’ என்றால் ஆயாவுக்கும் புரியும். மேற்சொன்ன கிளினிக்குக்கு நான்கு பலகைகளும் பின்வருமாறு அமையலாம்.

மஞ்சள் பை
ரத்தம், சீழ் பட்ட பஞ்சு • கட்டுத்துணி • மாவுக்கட்டு
முகக்கவசம் • சர்க்கரைப் பட்டை • காலாவதி மருந்து
போடக் கூடாதது: ஊசி, காலிக் கண்ணாடி, பிளாஸ்டிக்

சிவப்புப் பை
ஊசி வெட்டிய சிரிஞ்சு • ட்ரிப் செட் • குளுக்கோஸ் பாட்டில்
சிறுநீர்ப் பை • கையுறை
போடக் கூடாதது: ஊசியோடு உள்ள எதுவும்

வெள்ளை டப்பா
ஊசி • லான்செட் • பிளேடு • கேனுலா ஊசி
இன்சுலின் சிரிஞ்சு முழுவதும்
முக்கால் பாகம் நிறைந்ததும் மூடவும். திறக்கக் கூடாது.

நீலப் பெட்டி
காலி ஆம்பூல் • காலிக் கண்ணாடிக் குப்பி • உடைந்த கண்ணாடி
போடக் கூடாதது: மருந்து மீந்த குப்பி (மஞ்சளுக்கு)

ஒவ்வொரு பலகையிலும் ஆறேழு பொருள்களுக்கு மேல் இல்லை என்பதையும், ‘போடக் கூடாதது’ என்ற வரி ஒன்றுக்கு மேல் இல்லை என்பதையும் கவனிக்கலாம். விலக்குகளை அடுக்கிக்கொண்டே போனால், அவசரத்தில் படிப்பவரின் கண் ‘கூடாது’ என்ற சொல்லை விட்டுவிட்டு, விலக்கப்பட்ட பொருளின் பெயரையே அந்தத் தொட்டிக்கு உரியதாகப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே விலக்கு வரி அந்தத் தொட்டியில் மிகவும் ஆபத்தான தவறை மட்டும் சொன்னால் போதும்; அதையும் கீழே, வேறு வண்ண எழுத்தில் தனியாக வைக்க வேண்டும்.

பைகளின் மீது அச்சிட்டிருக்கும் உயிரியல் அபாயக் குறி, அதாவது மூன்று வளைந்த கொம்புகள் ஒரு வட்டத்தைச் சுற்றி நிற்பதுபோன்ற சின்னம், பலகையின் வேலையைச் செய்துவிடும் என்று எண்ணுவது பரவலான தவறு. அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பால்ட்வின் என்பவரின் முயற்சியில் 1966-இல் உருவான அந்தச் சின்னம், பார்த்தவர் மறக்காதபடியும், அதே சமயம் முன்பு வேறெந்தப் பொருளையும் குறிக்காததாகவும் இருக்க வேண்டும் என்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. தானாக எந்தப் பொருளும் தராத சின்னம் என்பதால் அதன் பொருளைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. சொல்லிக் கொடுத்தபின்னும் அது எச்சரிக்குமே தவிர, எதை எங்கே போட வேண்டும் என்று கற்பிக்காது. சின்னம் பையில் இருப்பது விதியின் கட்டாயம்; பொருளின் பெயர் பலகையில் இருப்பது வேலையின் கட்டாயம்.

நீலம் உண்டாக்கும் குழப்பம்

நான்கு வண்ணங்களில் சிறு கிளினிக்கில் அதிகம் தடுமாற வைப்பது நீலமே. வீட்டுக் குப்பையைப் பிரிக்க, மட்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியும் மட்காத குப்பைக்கு நீலத் தொட்டியும் என்ற பழக்கம் பல ஊர்களில் பரவியிருப்பதால், காலையில் தன் வீட்டில் பால் கவரை நீலத் தொட்டியில் போட்டுவிட்டு வரும் ஆயா, கிளினிக்கில் சிரிஞ்சு உறையையும் தண்ணீர் பாட்டிலையும் நீலப் பெட்டியில் போடுவதில் வியப்பில்லை. நோயாளிகளுடன் வருவோரும் அதையே செய்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, உடைந்த ஆம்பூல் வரவேற்பறையின் நீலக் குப்பைத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து உள்ளாட்சியின் குப்பை வண்டிக்கும், குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரிடமும் போய்ச் சேர்வதும் உண்டு.

இதற்குப் பலகையின் வாசகத்தைவிட இடமும் வடிவமும் தீர்வாகின்றன. கண்ணாடிக்கான நீலம் வாய் குறுகிய, மூடியுள்ள, கெட்டியான பெட்டியாக ஊசி மேசையின் மீதே இருக்க வேண்டும். பொதுக் குப்பைத் தொட்டி அகன்ற வாயுடன் தரையில் இருக்க வேண்டும். சிகிச்சை அறைக்குள் வைக்கும் பொதுக் குப்பைத் தொட்டி மட்டுமாவது நீலமல்லாத வேறு நிறத்தில் இருக்க வேண்டும். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் நான்கு வண்ணத் தொட்டிகளில் எதையும் வைக்கவே கூடாது. மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே சாதாரணக் குப்பைக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு தொட்டி இல்லாத அறையில், உறையும் காகிதமும் மஞ்சள் பைக்குள் நுழைவதைப் பலகையால் தடுக்க முடியாது.

ஊழியருக்கான குறுங்குறிப்பு

பலகை எறியும் நொடிக்கு உரியது. ஊழியர் குறிப்பு அந்த நொடிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்கு உரியது. ஒரே தாளில் ஒரு பக்கத்துக்கு மிகாமல், ஒவ்வொரு வரியும் ஒரு செயலை மட்டும் கட்டளையாகச் சொல்லும்படி அது அமைய வேண்டும். ‘ஊசிகளைக் கவனமாகக் கையாள வேண்டும்’ என்ற வாக்கியத்தில் செயல் எதுவும் இல்லை, ‘பயன்படுத்திய ஊசியை மூடியால் மூடாதீர்கள், அப்படியே கருவியில் வெட்டுங்கள்’ என்ற வாக்கியத்தில் கை செய்ய வேண்டியது இருக்கிறது. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடுவது பாதுகாப்பானது என்ற எண்ணம் பலரிடமும் ஊறியிருந்தாலும், உண்மையில் மூடியைப் பிடித்திருக்கும் இடக்கையைக் குறிதவறிய ஊசி குத்துவது அந்தச் செயலில்தான் அடிக்கடி நேர்கிறது.

குறிப்பின் மிக முக்கியமான பகுதி ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பது. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி ஒருமுறை குத்தினால், தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு ஹெபடைட்டிஸ்-பி தொற்ற 30 சதவீதம் வரையும், ஹெபடைட்டிஸ்-சி தொற்றச் சுமார் 1.8 சதவீதமும், எச்.ஐ.வி. தொற்றச் சுமார் 0.3 சதவீதமும் வாய்ப்பு உண்டு என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவற்றில் ஆபத்து மிகுந்த ஹெபடைட்டிஸ்-பி-க்குத் தடுப்பூசி இருப்பதால்தான், கழிவைக் கையாளும் ஊழியர் அனைவருக்கும் அதையும் டெட்டனஸ் தடுப்பூசியையும் போட வேண்டும் என்று 2016 விதிகள் கட்டாயமாக்கின. எச்.ஐ.வி.-க்கான தற்காப்பு மருந்தை இயன்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கியாக வேண்டும். குத்துப்பட்டவர் பயத்தாலோ திட்டுவார்களோ என்ற தயக்கத்தாலோ மறைத்துவிட்டால் அந்த நேரம் கரைந்துவிடும் என்பதால், குறிப்பின் தொனியே சொல்லத் தூண்டுவதாக இருக்க வேண்டும். வாசகம் இப்படி அமையலாம்.

ஊசி குத்திவிட்டதா?
1. உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்.
2. அழுத்திப் பிழியாதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள்.
3. கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள்மேல் தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
4. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.
5. மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தத் தாளில் மருத்துவரின் செல்பேசி எண்ணும், தற்காப்பு மருந்து கிடைக்கும் அரசு மருத்துவமனையின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குத்துப்பட்ட நிகழ்வு கிளினிக்கின் பதிவேட்டில் நாள், நேரம், சூழ்நிலையோடு எழுதப்பட வேண்டும். அந்தப் பதிவைப் பார்த்தால், குத்து நேர்ந்தது மூடி போடும்போதா, பையைக் கட்டும்போதா, தரையைக் கூட்டும்போதா என்று தெரியும். எந்தத் தொட்டியின் இடத்தை மாற்ற வேண்டும் என்பதும் அதிலிருந்தே விளங்கும்.

ஆயாவுக்கான பகுதி தனியாக இருப்பது நல்லது. ஏனெனில் அவர் பையில் போடுபவர் அல்லர், பையை எடுப்பவர். பை முக்கால் பாகம் நிறைந்ததும் கழுத்தில் கட்டுங்கள். உள்ளே கைவிடாதீர்கள், அமுக்காதீர்கள். கழுத்தைப் பிடித்து உடம்பில் படாமல் தூக்குங்கள். ஒரு பையில் உள்ளதை இன்னொரு பைக்கு மாற்றாதீர்கள் என்ற நாலு வரியே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் இந்த நாலையும் படமாக வரைந்து, செய்துகாட்டியும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயிற்சி தர வேண்டும் என்று விதி சொல்வது, ஆயாவையும் உள்ளடக்கித்தான்.

48 மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்

ரத்தம் பட்ட கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. எளிதாகத் தோன்றும் இந்த வரம்பு, கழிவு வண்டி நாள்தோறும் வராத சிறு கிளினிக்கில் ஒரு கணக்காகிறது. வண்டி செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் மதியம் வருவதாக வைத்துக்கொண்டால், சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பயன்படத் தொடங்கிய மஞ்சள் பைக்கு வரம்பு திங்கட்கிழமை மாலை 6 மணி. ஆனால் வண்டி வருவது செவ்வாய் மதியம்தான். சனி மாலை, நோயாளிகள் நிறைந்திருக்கும் நேரத்தில் போட்ட பையே இவ்வாறு வரம்பை மீறுகிறது. திங்கட்கிழமையும் வண்டி அனுப்பும்படி நிலையத்திடம் கேட்டுப் பெறுவதே இதற்கு முறையான வழி. தவிர்க்க முடியாமல் ஒருமுறை வரம்பைக் கடந்தால், காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், கழிவு கெட்டுப் பரவாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடவே வேண்டுமானால் பை எப்போது தொடங்கியது என்று தெரிய வேண்டும். ஆகவே மஞ்சள் பலகைக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: ‘புதுப் பை மாட்டியதும் நாளும் நேரமும் எழுதவும்’. அழியாத மையில் பையின்மீதே எழுதினால், வண்டி வரும்போது எடுத்துப் பார்த்துச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிலையத்துக்குச் செல்லும் பைகளில் பட்டைக்குறியீடு ஒட்டும் முறையை 2016 விதிகள் கொண்டுவந்திருப்பதால், எந்தக் கிளினிக்கிலிருந்து எந்தப் பை வந்தது என்பதும் பின்னர் கண்டறியக்கூடியதே. சிவப்புப் பையில் கிடைத்த ஊசி இனி ஊர் பெயர் தெரியாத ஊசியாக இராது.

பலகை வேலை செய்கிறதா என்று அறிவது எப்படி?

பலகை ஒட்டியதோடு வேலை முடிவதில்லை. அது படிக்கப்படுகிறதா என்பதைத் தொட்டிகளே காட்டும். பைக்குள் கைவிடாமல், மூடியைத் திறந்து மேலே தெரிவதை மட்டும் பார்த்தாலே போதும். வெள்ளை டப்பா ஒளி ஊடுருவுவதாக இருப்பதால், உள்ளே ஆம்பூல் துண்டு மின்னினால் நீலப் பெட்டி மேசையிலிருந்து தள்ளியிருக்கிறது என்று பொருள். சிவப்புப் பையின் அடியில் பொட்டுப்பொட்டாய்த் துளையோ ஈரக் கசிவோ இருந்தால் ஊசி வெட்டும் கருவி மழுங்கியோ பழுதாகியோ இருக்கக்கூடும். கருவி வேலை செய்யாதபோது பலகை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊசி சிரிஞ்சோடுதான் போகும். மஞ்சள் பையின் மேற்பரப்பு சிரிஞ்சு உறைகளால் வெளுத்துக் கிடந்தால் சாதாரணக் குப்பைத் தொட்டி கைக்கெட்டும் தொலைவில் இல்லை. வெள்ளை டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தால் மாற்று டப்பா கிளினிக்கில் இருப்பில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு தவறும் ஊழியரின் அலட்சியமாகவே இருக்க வேண்டியதில்லை. பல தவறுகள் இடமும் கருவியும் இருப்பும் சேர்ந்து உண்டாக்கியவை.

வாரத்துக்கு ஒருநாள் இப்படிப் பார்ப்பதோடு, புதிதாக வந்த பொருள்களையும் பார்க்க வேண்டும். மருந்து விற்பனையாளர் கண்ணாடி ஆம்பூலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் ஆம்பூல் கொடுக்கத் தொடங்கினால், காலியான அது நீலத்துக்கு அல்ல, சிவப்புக்கு உரியது. ஊசியோடு மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சு வந்தால் அது இன்சுலின் சிரிஞ்சுபோலவே முழுவதும் வெள்ளைக்கு உரியது. பொருள் மாறிய அன்றே அதன் பெயர் பலகையிலும் ஏற வேண்டும். ஆதலால் லேமினேட் செய்து நிரந்தரமாகத் திருகிவிட்ட அழகான பலகையைவிட, கணினியில் தட்டச்சு செய்து, ஒளிபுகும் உறைக்குள் செருகி, வேண்டும்போது மாற்றக்கூடிய தாளே சிறு கிளினிக்குக்குப் பொருத்தமானது. தாளின் மூலையில் திருத்திய நாளை எழுதினால், அது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கும்போது, பொருள்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும் நினைவூட்டலாகவும் அமையும்.

எழுதி முடித்த பலகையை ஒட்டுவதற்கு முன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒரு நாள் காலையில் புதிய, பயன்படுத்தாத சிரிஞ்சு, ஆம்பூல், பஞ்சு, லான்செட், இன்சுலின் சிரிஞ்சு, கையுறை, காலாவதி மாத்திரை அட்டை ஆகியவற்றை மேசையில் பரப்பி, ஊசிகளின் மூடியைக் கழற்றாமல், செவிலியரையும் ஆயாவையும் தனித்தனியே அழைத்து, பலகைகளைப் பார்த்து ஒவ்வொன்றையும் உரிய தொட்டிக்கு முன் வைக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் எந்தப் பொருளில் தயங்குகிறார்களோ, எதைத் தவறாக வைக்கிறார்களோ, அந்தப் பொருளின் பெயர்தான் பலகையில் விடுபட்டிருக்கிறது அல்லது தவறான சொல்லால் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களைத் திருத்துவதற்கு முன் பலகையைத் திருத்தி, மறுநாள் அதே பொருள்களை மீண்டும் பரப்பிப் பார்த்து, தயக்கமின்றி எல்லாம் உரிய இடத்தில் வைக்கப்பட்ட பிறகே அந்தத் தாள் தொட்டிக்கு மேலே ஏறத் தகுதி பெறுகிறது.